திருச்சி கவுன்டரிலேயே திரும்பி வருகிறவர்கள்: மூன்று வகை விசாவும் ஒரு வியட்நாம் பயணமும்

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு 2023 இறுதியில் நேரடி விமானம் வந்தபிறகு, டெல்டா பக்கத்தில் வெளிநாடு என்ற பேச்சில் சிங்கப்பூர், மலேசியா, துபாயோடு வியட்நாமும் சேர்ந்துகொண்டது. வேலைக்கு இல்லை, ஊர் சுற்றிப்பார்க்க. சம்பா அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் பணம் புரளும் தை, மாசியில் கும்பகோணத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். பெரிய கோயில் நிழலில் வளர்ந்தவர்களுக்கு அங்கே பார்க்க விஷயமும் இருக்கிறது. மீ சன்னில் சம்பா என்ற பழைய நாட்டின் அரசர்கள் எழுப்பிய செங்கல் சிவாலயங்கள், எல்லை தாண்டினால் கம்போடியாவில் அங்கோர்வாட்.

இப்படிக் கிளம்புகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காதில் விழுகிற ஒரு வாக்கியம் உண்டு: "வியட்நாமுக்கு ஆன் அரைவல்தானே, அங்க போய் வாங்கிக்கலாம்." இந்த ஒரு வாக்கியத்தை நம்பினால் பயணம் திருச்சி விமான நிலையத்தின் செக்-இன் கவுன்டரிலேயே முடிந்துவிடும். ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால் தூதரக விசா, இ-விசா, ஆன் அரைவல் என்ற மூன்று வகை விசாவுக்கும் நடுவில் உண்மையிலேயே என்ன வித்தியாசம் என்று பார்த்துவிடலாம். எது சுலபம், எது மலிவு என்பதைவிட, உங்கள் காகிதங்களை யார், எப்போது படிக்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் சீக்கிரம் விளங்கும்.

தூதரக விசாவில் நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஒரு மனிதர் உங்கள் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது, எத்தனை மாதம் செல்லும், காலிப் பக்கம் இருக்கிறதா என்பதெல்லாம் அவர் கண்ணில் படும். தப்பு இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். எரிச்சல்தான், ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படுகிற எரிச்சல். அமெரிக்கா, ஐரோப்பாவுக்கெல்லாம் இன்றும் இந்த வழிதான்.

இ-விசாவில் அந்தக் குமாஸ்தா வேலையை நீங்களே செய்கிறீர்கள். உங்களுக்காகப் பிரவுசிங் சென்டர் பையன் செய்கிறான். பாஸ்போர்ட் எண்ணையும் பெயரையும் தேதியையும் தட்டச்சு செய்து படத்தை ஏற்றினால், அந்தத் தகவலின்மேல் அனுமதி கிடைக்கும். தட்டச்சில் தப்பு இருந்தாலும் பெரும்பாலும் அனுமதி கிடைத்துவிடும் என்பதுதான் ஆபத்து. உங்கள் அசல் பாஸ்போர்ட்டை அதுவரை அந்த நாட்டு அதிகாரி யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. முதல்முறையாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போவது விமான நிலையத்தில்தான்.

ஆன் அரைவல் விசாவில் போய் இறங்கும்வரை யாரும் எதையும் பார்ப்பதில்லை. மாலத்தீவில் இந்தியர்களுக்கு 30 நாள் இலவசமாகவே கொடுக்கிறார்கள். கம்போடியாவில் சுற்றுலா விசாவுக்கு 30 டாலரை எடுத்துவைத்தால் கவுன்டரில் ஒட்டிக்கொடுப்பார்கள். இந்த இரண்டும் பெயருக்கேற்ற ஆன் அரைவல்கள். வியட்நாமில் அந்தப் பெயருக்கு வேறு பொருள். அங்கே விமான நிலையத்தில் விசா ஸ்டிக்கர் ஒட்டுகிற கவுன்டர் இருப்பது உண்மை. ஆனால் அங்கே போய் நிற்க, வியட்நாம் குடிவரவுத் துறையின் முன் அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை அங்கே உள்ள ஒரு நிறுவனம் உங்கள் பெயரில் கேட்டு வாங்கித் தந்திருக்க வேண்டும். கடிதத்துக்கு அந்த நிறுவனம் வாங்குவது ஒரு தொகை, கவுன்டரில் ஸ்டிக்கருக்குக் கட்டுவது தனியாக ஒரு தொகை. கடிதம் இல்லாமல் போனவருக்கு அந்தக் கவுன்டரில் வேலையே இல்லை. யூடியூபில் "ஆன் அரைவல் வாங்கினேன்" என்று சொல்கிறவர்கள் கடிதக் கதையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

சரி, கடிதமும் இல்லை, இ-விசாவும் இல்லை, டிக்கெட் மட்டும் இருக்கிறது. திருச்சியில் ஏன் நிறுத்துகிறார்கள்? வியட்நாம்காரன்தானே நிறுத்த வேண்டும்? கவுன்டரில் இருக்கிற ஊழியர் கெடுபிடி செய்வதாகத்தான் பலருக்கும் தோன்றும். அவர் அப்போது பார்ப்பது டைமாட்டிக் என்ற தகவல் தொகுப்பை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்துவது அது. எந்த நாட்டு பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டில் என்ன காகிதம் வேண்டும் என்பது அதில் இருக்கும். உள்ளே விட மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பிக் கூட்டிவரும் பொறுப்பு, கொண்டுபோய் இறக்கிய விமான நிறுவனத்துடையது. சிகாகோ உடன்படிக்கையின் ஒன்பதாம் இணைப்பு அப்படித்தான் சொல்கிறது. பல நாடுகள் இதற்குமேல் அபராதமும் போடுகின்றன. அதனால் சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதுதான் அவர்களுக்கு லாபம். வளைகுடாவுக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு 'ஓகே டு போர்டு' என்ற சொல் பழக்கமானது. விசா சரியாக இருக்கிறது என்று முன்கூட்டியே விமான நிறுவனத்தில் பதிந்துவைக்கிற அந்த ஏற்பாடும் இந்தப் பயத்தில் பிறந்ததுதான்.

ஆக, வியட்நாமுக்கு நம் ஆட்களுக்கு ஏற்ற வழி இ-விசா. 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள்வரை கொடுக்கிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். மறுத்தாலும் பணம் திரும்பி வராது. அரசுத் தளம் evisa.gov.vn. தேடினால் அதே மாதிரி பெயரோடு தனியார் தளங்கள் நாலைந்து முன்னால் வந்து நிற்கும். அவை 60, 70 டாலர் கேட்டாலும் கடைசியில் அரசுத் தளத்தில்தான் உங்களுக்காகத் தட்டச்சு செய்யும். சாதாரணமாக மூன்று வேலை நாள் என்பது அரசுக் கணக்கு. வேலை நாள் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வியட்நாமியப் புத்தாண்டான டெட் ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் வரும். அப்போது ஒரு வாரத்துக்கு அலுவலகங்கள் மூடிக்கிடக்கும். நம்முடைய அறுவடைக்குப் பிந்தைய பயணக் காலமும் அதேதான்.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், மனைவி, கல்லூரி முடித்த மகள், கடைக்காரருடைய அம்மா என்று நாலு பேர். இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் அவர்கள் இடறும் இடங்கள் எல்லாம் நிஜம். திட்டம் இது: திருச்சியிலிருந்து ஹோ சி மின், உள்நாட்டு விமானத்தில் டா நாங், அங்கிருந்து காரில் மீ சன், திரும்ப ஹோ சி மின். அப்புறம் விமானத்தில் சியெம் ரீப் போய் அங்கோர்வாட் பார்த்துவிட்டு, பஸ்ஸில் நோம் பென் வழியாக மறுபடி ஹோ சி மின், அங்கிருந்து திருச்சி.

விண்ணப்பத்தைப் பிரவுசிங் சென்டரில் போடுகிறார்கள். பாஸ்போர்ட் வீட்டில் இருக்கிறது, ஆதார் அட்டை சட்டைப்பையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்து அதிகம் நடக்கிற தப்பு இங்கேதான் தொடங்குகிறது. ஆதாரில் அம்மாவின் பெயர் முன்னால் ஒரு இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயராகவோ கணவர் பெயராகவோ Surname என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் Surname காலியாக இருந்து, எல்லாம் Given Name கட்டத்திலேயே இருக்கும். குடும்பப்பெயர் என்ற பழக்கமே இல்லாத நமக்கு இந்த இரண்டு கட்டங்கள் ஓயாத தலைவலி. விசாவில் வரவேண்டியது பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர், எழுத்துக்கு எழுத்து. சந்தேகம் வந்தால் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கிற இரண்டு வரிகளைப் பாருங்கள். விமான நிலையத்தில் இயந்திரம் படிப்பது அதைத்தான். டிக்கெட்டும் அதே பெயரில் இருக்க வேண்டும்.

வியட்நாமை விட்டுக் கொஞ்சம் தள்ளிச் சொன்னால், இந்தப் பெயர்ச் சிக்கல் துபாய் வழியில் ஒரு காலத்தில் பெரிய கலவரமே உண்டாக்கியது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைச்சொல் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருகிறவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்தது. பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாவது விவரப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். இந்திய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்குமே, அதுதான் பலரைக் காப்பாற்றியது.

அடுத்தது பாஸ்போர்ட் எண். பெரும்பாலான இந்திய பாஸ்போர்ட் எண்களில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள். ஆகவே அவற்றில் முதல் இடத்தைத் தவிர வேறெங்கும் ஓ என்ற எழுத்து வராது. அது பூஜ்ஜியம். தட்டச்சு செய்பவர் அவசரத்தில் ஓ போட்டுவிட்டால் அந்த விசா இன்னொரு பாஸ்போர்ட்டுக்கான விசா ஆகிவிடும். அப்படி ஒரு பாஸ்போர்ட் உலகத்தில் இல்லை என்பது வேறு விஷயம். கவுன்டரில் திருத்த முடியாது, புதிதாகப் பணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்களுக்கும் இதே கதி. எண் மாறிவிட்டால் பழைய எண்ணில் வாங்கிய இ-விசாவால் பிரயோஜனம் இல்லை.

நம் குடும்பம் இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வியில் சென்டர் பையன் கேட்காமலே சிங்கிள் என்ட்ரியைத் தேர்ந்தெடுக்கிறான். நாலு பேருக்கு 100 டாலர். பலமுறை நுழைவது என்றால் 200. டா நாங் போய் வருவது உள்நாட்டுப் பயணம், அதற்குச் சிங்கிள் போதும். ஆனால் சியெம் ரீப்புக்கு விமானம் ஏறியதும் அந்த ஒரு நுழைவு செலவாகிவிட்டது. தாளில் இன்னும் எத்தனை நாள் பாக்கி இருந்தாலும் அது செத்த விசா.

கம்போடியாவில் நுழைய அவர்களுக்குச் சிரமம் இல்லை. அங்கே ஆன் அரைவல் உண்மையிலேயே உண்டு, முன்கூட்டியே வாங்க நினைத்தால் evisa.gov.kh என்ற தளமும் உண்டு. ஆன் அரைவலுக்கு டாலர் ரொக்கமாக வேண்டும். கிழிந்த, கசங்கிய நோட்டை வாங்கமாட்டார்கள் என்பதால் ஊரிலேயே பார்த்து மாற்றிக்கொண்டு போவது நல்லது. அங்கோர்வாட் பார்த்தாயிற்று, நோம் பென்னில் பஸ் ஏறியாயிற்று. எல்லையில் கம்போடியப் பக்கம் பவெட், வியட்நாம் பக்கம் மொக் பாய். பவெட்டில் வெளியேறும் முத்திரை குத்திவிடுகிறார்கள். மொக் பாயில் விசாவைப் பார்த்துவிட்டுத் திருப்பிவிடுகிறார்கள்.

இப்போது இவர்கள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். வியட்நாம் உள்ளே விடவில்லை. கம்போடிய விசாவும் ஒருமுறை நுழைவுதான், அதுவும் முடிந்தது. வெளியேறும் முத்திரையை ரத்து செய்யச் சொல்லிக் கெஞ்ச வேண்டும், அல்லது இன்னொரு 30 டாலர் கொடுத்து மறுபடி கம்போடிய விசா எடுக்க வேண்டும், நாலு பேருக்கும். பிறகு நோம் பென்னில் அறை எடுத்து வியட்நாம் இ-விசாவுக்கு மறுபடி விண்ணப்பித்து மூன்று வேலை நாள். அதற்குள் ஹோ சி மின்னிலிருந்து திருச்சி விமானம் போய்விட்டிருக்கும். 100 டாலர் மிச்சம் பிடித்ததற்கு இவ்வளவு. பஸ் கம்பெனிக்காரர் விவரமானவராக இருந்தால் நோம் பென்னிலேயே விசாவைப் பார்த்து ஏற்றமாட்டார். அது ஓரளவு அதிர்ஷ்டம்.

விண்ணப்பத்தில் எந்த வாசல் வழியாக நுழைவீர்கள் என்றும் கேட்பார்கள். அது விசாத் தாளிலும் அச்சாகும். இ-விசாவை எல்லா எல்லைச் சாவடியும் ஏற்காது, பட்டியலில் உள்ளவை மட்டுமே ஏற்கும். மொக் பாய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பேருந்து பாதையை மாற்றி வேறு சிறிய எல்லை வழியாகப் போகிறவர்கள் பட்டியலைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. தாளில் அச்சான வாசல் வழியாகவே முதலில் நுழைந்துவிடுவது வம்பில்லாத வழி.

தேதியில் ஒரு நள்ளிரவுச் சிக்கல் உண்டு. பிப்ரவரி 10 அன்று முடிகிற விசா வைத்திருப்பவர், டிக்கெட்டில் 11ஆம் தேதி 00.40 என்று இருந்தால், "பத்தாம் தேதி ராத்திரி கிளம்புறோம்" என்றுதான் வீட்டில் சொல்வார். குடிவரவு கவுன்டரை 12 மணிக்கு முன் தாண்டிவிட்டால் பிழைத்தார். வரிசை நீண்டு 12.05 ஆகிவிட்டால் ஒருநாள் கூடுதலாகத் தங்கியவர் ஆகிறார், அபராதம் கட்ட வேண்டும். அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். 90 நாள்வரை ஒரே கட்டணம்தான் எனும்போது முடிவுத் தேதியை இறுக்கமாகப் போடுவதில் ஒரு லாபமும் இல்லை. தொடக்கத் தேதியையும் ஒருநாள் முன்னதாகப் போடலாம்.

இத்தனையையும் தாண்டி ஒருவர் தப்பான விசாவோடு போய் இறங்கிவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் சிறை, வழக்கு என்றெல்லாம் போகாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஓர் அறையில் உட்காரவைத்து, வந்த விமான நிறுவனத்தின் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவார்கள். அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்துத்தான் என்றால் அந்த இரண்டு நாளும் அங்கேதான். திரும்பும் செலவை நிறுவனம் உங்களிடமே கேட்கும். இதையெல்லாம்விட நீண்டகாலத் தொந்தரவு வேறொன்று. பிறகு அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கும்போது "எந்த நாட்டிலாவது உங்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டதா" என்ற கேள்வி வரும். ஆமாம் என்று எழுதிக் காரணம் சொல்ல வேண்டும். மறைத்தால் அதுவே தனிக் குற்றமாகிவிடும். மேல்படிப்புக்குப் போகப்போகிற மகளுக்கு இந்த ஒரு வரி பெரிய சுமை.

ஏஜென்ட் மூலம் வாங்குகிறவர்கள் வாட்ஸ்அப்பில் வருகிற பிடிஎஃப்பை அப்படியே நம்பிவிடுகிறார்கள். வியட்நாம் தளத்தில் பதிவுக் குறியீடு, விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சல், பிறந்த தேதி மூன்றையும் போட்டால் விசா நிலவரத்தை யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே ஏஜென்டிடம் பதிவுக் குறியீட்டையும், அவர் எந்த மின்னஞ்சலைப் போட்டார் என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

இதுவரை சொன்னது சுற்றுலா. ஆன் அரைவலின் மோசமான பக்கம் வேலையில் இருக்கிறது. "டூரிஸ்டா போயிரு, இறங்கினதும் கம்பெனி வேலை விசாவுக்கு மாத்திரும்" என்று சொல்லிக் கம்போடியாவுக்கும் லாவோசுக்கும் கூட்டிப்போனவர்கள், டேட்டா என்ட்ரி வேலை என்று போன தமிழ்நாட்டுப் பையன்களை இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த கதைகள் நாம் அறிந்தவை. விசாக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இந்த ஏற்பாட்டுக்கு ஆன் அரைவலும் இ-விசாவும் வசதியாக இருப்பதற்குக் காரணம், வேலை ஒப்பந்தத்தை இந்தியாவில் யாரும் படிப்பதில்லை என்பதுதான். தூதரக வேலை விசா என்றால் முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்ற காகிதம் ஏதோ ஒரு மேசைக்கு வந்தே ஆக வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் பதிவு பெற்ற ஏஜென்டா என்று emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம். பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ECR என்று அச்சாகியிருக்கும். வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்குக் குடியேற்ற அனுமதி தேவை. விசிட் விசாவில் போய் அதைத் தாண்டிவிடலாம் என்று முயன்று, திருச்சி இமிகிரேஷனிலேயே இறக்கிவிடப்படுகிறவர்களும் உண்டு.

அப்புறம், நம் ஊருக்கு வருகிறவர்கள் விஷயம். பெரிய கோயிலைப் பார்க்க வருகிற வெளிநாட்டு நண்பர்களுக்கு இந்தியாவின் இ-விசா திருச்சி விமான நிலையத்தில் செல்லும். ஆன் அரைவல் அப்படி இல்லை. இந்தியா அதை ஜப்பான், தென்கொரியா, அமீரகம் போன்ற மிகச்சில நாட்டவருக்கே கொடுக்கிறது. அதுவும் டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரு மாதிரியான குறிப்பிட்ட விமான நிலையங்களில் மட்டும். திருச்சி அந்தப் பட்டியலில் இல்லை. ஜப்பானிய நண்பர் சிங்கப்பூர் வழியாக நேரே திருச்சியில் இறங்குவதாக எழுதினால், இ-விசா எடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் டிக்கெட்டைச் சென்னைக்கு மாற்றச் சொல்லுங்கள். அங்கே ஆன் அரைவல் வாங்கிக்கொண்டு, எழும்பூரில் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது தஞ்சாவூரில் இருப்பார்.